எலிவேஷன் மாற்றும் முன்: படத்திலிருந்து வண்டி, ஒயர், ஆட்களை எடுக்கும் முறை

பழைய கட்டடத்துக்குப் புது எலிவேஷன் போட்டுக் காட்ட வேண்டுமென்றால், அதன் முன்பக்கத்தைப் படம் எடுத்து அதன் மேலேயே வேலை செய்வதுதான் இப்போது வழக்கம். கையால் வரைந்தாலும் சரி, படத்தைக் கொடுத்தால் தோற்றத்தை மாற்றித் தரும் ஏஐ மென்பொருளில் போட்டாலும் சரி, ஆரம்பம் அந்தப் படம்தான். நம் ஊர்க் கடைத்தெருவில் எடுத்த படத்தில் கட்டடம் மட்டும் இருக்காது. வாசலில் குட்டி யானை நிற்கும், நாலு எக்ஸ்எல் நிற்கும், குறுக்கே ஈ.பி. ஒயரும் கேபிள் ஒயரும் ஓடும், படியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இதை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? தோற்றம் மாற்றும் மென்பொருள்கள் பெரும்பாலும் படத்தில் உள்ள விளிம்புக் கோடுகளையும், எது முன்னால் எது பின்னால் என்ற ஆழத்தையும் வைத்தே கட்டடத்தைப் புரிந்துகொள்கின்றன. சுவரின் குறுக்கே போகும் ஒயர் அதற்கு ஒரு கோடுதான். புதுத் தோற்றத்தில் அந்த இடத்தில் ஒரு பட்டை, ஒரு விரிசல், இல்லாவிட்டால் சாய்வான ஒரு அலங்காரம் வந்து உட்காரும். வாசலில் நிற்கும் வண்டி, கட்டடத்திலிருந்து முன்னால் துருத்திய ஒரு மேடையாகவோ பூத்தொட்டியாகவோ மாறும். கையால் வரைகிறவருக்கும் வண்டிக்குப் பின்னால் எத்தனை படி என்று தெரியாமல் கை நின்றுவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் மாறப்போகிற பரப்பு சுத்தமாக இருந்தால் போதும். மாறாமல் நிற்கப்போகிற விளிம்பு உண்மையாக இருக்க வேண்டும். சுவரின் பெயிண்ட் நாளை கல் பதிப்புக்கு அடியில் போய்விடும், அதைத் தத்ரூபமாக ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் உட்கார வேண்டாம். ஆனால் கைப்பிடிச் சுவரின் மேல் கோடு, ஸ்லாப் விளிம்பு, ஜன்னல் மூலைகள், ஷட்டரின் அடி, படிகள் ஆகியவை ஒரு அங்குலம் தவறினாலும் மேலே போடும் வடிவமைப்பு முழுதும் தவறும். எங்கே நேரம் செலவழிப்பது, எங்கே தாண்டிப் போவது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டே முறையைப் பார்ப்போம். உடுமலையில் தளி ரோட்டோரம், கிழக்குப் பார்த்த ஒரு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு 26 அடி. கீழே இரண்டு கடை, இரண்டுக்கும் 9 அடி அகல ஷட்டர். முன்னால் மூன்று கடப்பாக்கல் படி. மேலே கிரில் போட்ட பால்கனி. வலது கடை வாசலில் ஒரு குட்டி யானை நின்று ஷட்டரின் கீழ்ப்பாதியையும் படிகளையும் மறைக்கிறது. மாடி மட்டத்தில் ஒயர்கள் ஓடுகின்றன.

இடத்தில் செய்ய வேண்டியது

பாதி வேலை கம்ப்யூட்டருக்கு வரும் முன்பே முடிந்துவிட வேண்டும். மறைந்திருக்கும் இடத்தைக் கற்பனையால் நிரப்புவதைவிட, நடந்து போய் அதையும் ஒரு படம் எடுப்பது எத்தனையோ மடங்கு சுலபம்.

முதலில் வெளிச்சம். கிழக்குப் பார்த்த முகப்பில் காலை வெயில் நேராக அடிக்கும். ஒவ்வொரு ஒயருக்கும் சுவரில் ஒரு நிழல் விழும், ஒயரை எடுத்தாலும் நிழல் நிற்கும். அதனால் மதியம் திரும்பி முகப்பு முழுதும் நிழலான பிறகு எடுங்கள், அல்லது மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் மேகம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அடிக்கும். ஒயர் ஆடும், மரம் ஆடும். அது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

எதிர்ச் சாரிக்குப் போய், ஏறக்குறைய 30 அடி தள்ளி, முகப்பின் நடுவுக்கு நேராக நில்லுங்கள். போனில் 1x லென்ஸையே பயன்படுத்துங்கள். 0.5x போட்டால் ஓரங்கள் வளைந்து இழுபடும். போனை முக்காலியிலோ, மதில் மேலோ அசையாமல் வைத்து, திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பிறகு 20, 30 விநாடிக்கு ஒன்றாக 9 படம் எடுங்கள். கையை வைத்து அமுக்கினால் போன் அசையும், டைமர் போட்டுக்கொள்வது நல்லது.

நடந்து போகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவர்களை இந்த 9 படமே பார்த்துக்கொள்ளும். நிற்கிறவர்களிடம்தான் பேச வேண்டும். படியில் டீ குடித்துக்கொண்டிருப்பவரிடம், "ஏனுங்ண்ணா, ஒரு அஞ்சு நிமிசம் அந்தப் பக்கமா நின்னுக்கறீங்களா? கட்டடத்தைப் படம் எடுக்கோணுமுங்க" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. வண்டிக்காரரையும் அப்படியே கேட்டுப் பாருங்கள். நகர்த்திவிட்டால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. "சாவி எங்கிட்ட இல்லீங்களே" என்ற பதில் வந்தால் அடுத்த பத்தி.

வண்டிக்குப் பின்னால் போங்கள். வண்டிக்கும் படிக்கும் நடுவே நின்று, மறைந்த பகுதியைத் துண்டு துண்டாக எடுங்கள். ஷட்டரின் அடிப்பாகம் நேராக ஒன்று, மூன்று படிகளும் தெரிய ஒன்று, படியின் வலது முனையும் சுவரும் சேரும் மூலை ஒன்று. ஒவ்வொரு துண்டிலும் எதிர்ச்சாரிப் படத்தில் தெரிகிற ஏதாவது ஒரு பொருள் கொஞ்சமாவது இருக்க வேண்டும்: ஷட்டரின் பூட்டு, சுவர் மூலை, படியின் உடைந்த முனை, இப்படி. அது இல்லாவிட்டால் துண்டை எங்கே ஒட்டுவது என்று பிறகு தெரியாது. டேப் பிடித்து ஷட்டரின் உயரம், அகலம், ஒரு படியின் உயரம், மிதிக்கும் அகலம், இந்த நாலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடமாடும் ஆட்களை எடுப்பது

9 படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்பது மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வதுதான் வழி. ஒரு புள்ளியில் இரண்டு படத்தில் ஆள், ஏழு படத்தில் சுவர் என்றால் நடு மதிப்பு சுவர்தான். சராசரி எடுத்தால் ஆள் பேயைப் போல மங்கலாகத் தெரிவார். நடு மதிப்பில் சுவடே இருக்காது. ஒரே நிபந்தனை, எந்தப் புள்ளியும் 9 படத்தில் குறைந்தது 5-லாவது மறைப்பில்லாமல் தெரிய வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் `File > Scripts > Statistics` போய் `Median` தேர்ந்தெடுத்தால் இது முடிந்துவிடும். காசில்லாமல் செய்ய, ஹுகின் மென்பொருளோடு வரும் கருவியால் படங்களை நேர்ப்படுத்தி, இமேஜ்மேஜிக்கில் நடு மதிப்பு எடுக்கலாம். படங்களுக்கு 1.jpg முதல் 9.jpg வரை பெயர் வைத்துக்கொண்டு:

```
align_image_stack -m -C -a ner_ 1.jpg 2.jpg 3.jpg 4.jpg 5.jpg 6.jpg 7.jpg 8.jpg 9.jpg
magick ner_*.tif -alpha off -evaluate-sequence median theru.png
```

இரண்டாவது வரி முடிந்ததும் theru.png-ஐத் திறந்து பாருங்கள். போகிற வருகிற ஆட்கள், பைக், பஸ் எல்லாம் மறைந்திருக்கும். நின்ற வண்டி அப்படியே இருக்கும். காற்றடித்த நாளில் மரத்தின் இலைகள் குழம்பிப் போயிருக்கும், ஆடிய ஒயர் சில இடத்தில் அறுந்தும் சில இடத்தில் பட்டையாகவும் தெரியும். அரைகுறையாக மறைந்த ஒயர் முழு ஒயரைவிடத் தொல்லை, எங்கிருந்து எங்கே போகிறதென்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் காற்றுள்ள நாளில் நடு மதிப்புப் படத்தைக் கீழ்ப்பாதிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மேல்பாதிக்கு நேர்ப்படுத்திய ஒன்பதில் நல்லதாக ஒன்றை வைத்து, இரண்டையும் லேயர் மாஸ்க் போட்டு ஸ்லாப் கோட்டில் இணைத்துவிடுங்கள். ஆட்கள் இருப்பது கீழேதான், ஒயர் இருப்பது மேலேதான். இந்தப் பிரிவினை ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் செல்லுபடியாகும்.

இணைத்த படத்தில் இப்போதே செங்குத்துக் கோடுகளை நிமிர்த்திவிடுங்கள். இலவச மென்பொருளான கிம்ப்பில் பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, கட்டடத்தின் இரண்டு ஓரங்களும் நேர் நிமிர்ந்து நிற்கும்வரை மேல் மூலைகளை இழுங்கள். பிறகு செய்யலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். கோடுகள் நேரானபின் ஷட்டர் தகடும் படி விளிம்பும் படுக்கையாகப் போகும், துண்டு ஒட்டுவது பாதி சுலபமாகும்.

வண்டியை எடுப்பது

குட்டி யானையைச் சுற்றிக் கோடு போட்டு, ஒரே பொத்தானில் நிரப்பச் சொல்லும் வசதி ஃபோட்டோஷாப்பில் 2010-லிருந்து இருக்கிறது. 2023-ல் ஏஐயே புதிதாக வரைந்து நிரப்பும் வசதியும் வந்துவிட்டது. தார் ரோட்டுக்கும் வெற்றுச் சுவருக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். படிக்கும் ஷட்டருக்கும் வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. அது இருப்பதைக் காட்டாது, இருக்கக்கூடியதை வரையும். பார்க்க அழகாக இருக்கும் என்பதால்தான் ஆபத்து.

நம் கட்டடத்தில் இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஷட்டர் தகடுகள் பெரும்பாலும் 3 அங்குலம் உயரம். 8 அடி உயர ஷட்டர் என்றால் 96 அங்குலம், அதாவது 32 தகடு. மறைப்பில்லாத இடது ஷட்டரில் மேலிருந்து கீழே எண்ணிப் பாருங்கள், பிறகு நிரப்பி வந்த வலது ஷட்டரில் எண்ணுங்கள். வலதில் 27-தான் வருகிறது என்றால், கீழே தகடு அகலமாகிவிட்டது அல்லது படி ஒன்று மேலேறி ஷட்டரைத் தின்றுவிட்டது. இந்தப் படத்தை வைத்துப் போர்டு உயரம் கணக்குப் போட்டால் சைட்டில் அது பொருந்தாது. படிகளையும் இப்படியே எண்ணுங்கள். மூன்று படி நான்காகி இருக்கும், அல்லது இடது பக்கப் படி வலது பக்கம் வந்து சாய்ந்து முடிந்திருக்கும்.

அதனால் வாசலில் எடுத்த துண்டுகளை ஒட்டுங்கள். ஷட்டருக்கு இடது ஷட்டரையே நகல் எடுத்து வலதில் வைக்கலாம், இரண்டும் ஒரே அளவு என்று டேப் சொன்னால் மட்டும். படிகளுக்கு உங்கள் துண்டுப் படம்தான் வேண்டும், இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். துண்டை நாலு மூலை பிடித்து இழுத்துப் பொருத்தினால் ஷட்டர் பொருந்தும், படி பொருந்தாது. படியைப் பொருத்தினால் ஷட்டர் விலகும். காரணம், துண்டை எடுத்த இடம் வேறு, எதிர்ச்சாரி வேறு. ஷட்டர் பின்னால் ஒரு தளத்தில் இருக்கிறது, படி இரண்டரை அடி முன்னால் வேறு தளங்களில் இருக்கிறது. ஒரு இழுப்பு ஒரு தளத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும்.

தீர்வு, தளம் தளமாக வெட்டுவது. ஒவ்வொரு படியின் நிற்கும் முகமும் ஒரு துண்டு, மிதிக்கும் முகமும் ஒரு துண்டு. மூன்று படிக்கு ஆறு துண்டு. ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்துத் தனியாக இழுங்கள். இடது கடையின் படி விளிம்புகள் படத்தில் தெரிகின்றன அல்லவா, அங்கிருந்து வழிகாட்டிக் கோடுகளை வலதுபக்கம் நீட்டிக்கொண்டால் ஒவ்வொரு துண்டுக்கும் மேல் கீழ் எல்லை கிடைத்துவிடும். கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும் மிதிமுகம் எதிர்ச்சாரியிலிருந்து ஒல்லியான பட்டையாகத்தான் தெரியும். அதை அகலமாக விட்டால் படி சாய்தளமாகத் தோன்றும்.

பொருந்திய பின் இரண்டு திருத்தம். கிட்டத்தில் எடுத்த துண்டு கூர்மையாக இருக்கும், அதை லேசாக மங்கலாக்குங்கள், அரைப் புள்ளி, ஒரு புள்ளி அளவு போதும். நிறமும் வெளிச்சமும் வேறாக இருக்கும், கர்வ்ஸில் பக்கத்துச் சுவரோடு ஒத்துப்போகும்வரை இழுங்கள்.

கடைசியாகத் தரை. வண்டிக்கு அடியில் கறுப்பாக நிழல் படிந்திருக்கும். மேகமூட்டத்திலும் சக்கரத்தை ஒட்டி அது இருக்கும். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக் கண்ணாடிக் கதவில் வண்டி பிரதிபலித்தால் அதுவும் போக வேண்டும். விட்டுவிட்டால் மென்பொருள் அந்தக் கருப்புப் பட்டையைச் சாக்கடை என்றோ கீழ்ப்படி என்றோ எடுத்துக்கொள்ளும்.

ஒயர்கள்

ஒயரை ஒரே பொருளாக நினைக்காமல், அது எதன்மேல் ஓடுகிறது என்று பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்.

வானத்தின் மேல் ஓடுவது சுலபம். கிம்ப்பில் ஹீல் கருவியை ஒயரைவிடக் கொஞ்சம் அகலமாக வைத்து, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒயர் இல்லாத வானத்தில் ஒருமுறை சொடுக்குங்கள். பிறகு ஒயரின் ஒரு முனையில் சொடுக்கி, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிச் சொடுக்குங்கள், நடுவில் நேர்கோடாகத் தேய்த்துவிடும். ஒயர் தொய்ந்து வளையும் என்பதால் சின்னச் சின்ன நேர்கோடாகப் போங்கள்.

வெற்றுச் சுவரின் மேலும் இதே முறைதான். சுவரில் ஒயரின் நிழல் இருந்தால் அது தனிக் கோடாகக் கொஞ்சம் கீழே ஓடும், தேடி எடுங்கள்.

ஒயர் ஒரு விளிம்பைக் குறுக்கிடும் இடங்கள்தான் விஷயம்: கைப்பிடிச் சுவரின் மேல் கோடு, ஸ்லாப் விளிம்பு, ஜன்னல் மூலை. இங்கே ஹீல் கருவியைத் தொடாதீர்கள். அது சுற்றியுள்ள நிறங்களைக் கலந்து நிரப்பும். ஒருபுறம் வானம், மறுபுறம் சுவர் என்றால் இரண்டும் கலந்து விளிம்பில் ஒரு அழுக்குக் கறை விழும். குளோன் கருவியை எடுத்து, அதே விளிம்பின் மேல் ஒயர் இல்லாத ஒரு இடத்தில் கன்ட்ரோலைப் பிடித்துச் சொடுக்கி, விளிம்போடு விளிம்பு சேரும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். நான் செய்யும் வரிசை இது: எல்லாக் குறுக்கீடுகளையும் குளோனால் முதலில் முடித்துவிடுவேன், நடுவில் மிச்சமிருக்கும் துண்டு ஒயர்களை ஹீல் கருவிக்கு விடுவேன். அப்போது ஹீல் எந்த விளிம்பையும் தொட வேண்டியே வராது.

கிரில்லுக்கு முன்னால் ஓடும் ஒயருக்கு வேறு வழி. கிரில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது, ஒயர் படாத ஒரு கட்டத்தை முழுசாக நகல் எடுத்து மேலே வையுங்கள். அதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிரில்லைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடப்போகிறார் என்றால் அங்கே உழைப்பதில் பொருளில்லை.

எடுக்கக் கூடாதவை

துடைக்கத் தொடங்கிய கை நிற்காது. மின்கம்பம், மீட்டர் பெட்டி, சர்வீஸ் ஒயர் வந்து சேரும் குழாய், மழைநீர்க் குழாய், சாக்கடை மூடி, மரம் ஆகியவை எலிவேஷன் மாறினாலும் அங்கேயே இருக்கும். இவற்றைப் படத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் அழிக்காமல் தனி லேயரில் வெட்டி வையுங்கள், வேண்டும்போது திரும்ப ஏற்றலாம்.

ஒயர்களில் மின்கம்பிகளை மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். கேபிள் டிவி ஒயரை இடம் மாற்றச் சொல்லலாம். முகப்புக்கு முன்னால் போகும் மின்வாரியக் கம்பி அப்படி அல்ல. மத்திய மின்சார ஆணைய விதிப்படி, கட்டடத்துக்கும் பக்கவாட்டில் செல்லும் வெறும் கம்பிக்கும் இடையே, வீட்டு மின்சாரத் தாழ்வழுத்தக் கம்பியானாலும் 11,000 வோல்ட் கம்பியானாலும், குறைந்தது 1.2 மீட்டர் விலகல் வேண்டும். துடைத்த படத்தைப் பார்த்து ஒருவர் ஆசையாக மூன்றடி முன்னால் நீளும் பால்கனியோ அலங்காரச் சட்டமோ போட்டுவிட்டால், அது இந்த இடைவெளிக்குள் போய் நிற்கலாம். அதனால் கம்பிகளின் பாதையைத் துடைக்கும் முன்பே தனி லேயரில் சிவப்புக் கோடாக வரைந்து வையுங்கள். வடிவமைப்பு முடிந்ததும் அந்த லேயரைத் திறந்து பார்ப்பது கட்டாயம். படத்தில் முன்னால் எவ்வளவு தூரத்தில் கம்பி போகிறது என்பது தெரியாது, அதனால் சந்தேகம் வந்தால் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கம்பிப் பக்கம் டேப்பை நீட்டி அளக்க மட்டும் முயலாதீர்கள்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத வளைவும் சாய்வும் அப்போது தெரியும். பிறகு கர்வ்ஸில் கான்ட்ராஸ்டைக் கடுமையாக ஏற்றுங்கள். ஒயர் இருந்த பாதையில் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். பார்த்த பிறகு பழையபடி இறக்கிவிடுங்கள். சுவரில் ஒரே பெயிண்ட் உரிசல் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்றும் தேடுங்கள், குளோன் கருவி விட்டுப்போகும் அடையாளம் அது.

தோற்றம் மாற்றும் மென்பொருளுக்குப் போகிற படம் என்றால் இன்னொரு சோதனை உண்டு. கிம்ப்பில் `Filters > Edge-Detect > Edge` போட்டால் விளிம்புகள் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதில் கட்டடத்துக்குச் சொந்தமில்லாத நீளக் கோடு ஒன்று மிச்சமிருந்தாலும், புதுத் தோற்றத்தில் அது ஏதோ ஒன்றாக முளைக்கும். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தேய்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சோதனைக்கு ஒரு நகலைப் பயன்படுத்துங்கள், வேலைப் படத்தின் மேலேயே ஃபில்டரைப் போட வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் மூன்று கோப்பு சேமியுங்கள்: எடுத்தபடி இருக்கும் மூலப்படம், லேயர்களோடு கூடிய வேலைக் கோப்பு, வடிவமைப்புக்குப் போகும் சுத்தமான பிஎன்ஜி. ஜேபிஜியாகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் விளிம்புகளைச் சுற்றிக் குருணை விழும். வீட்டுக்காரருக்குக் காட்டும்போது மூலப்படத்தையும் பக்கத்தில் வையுங்கள். கம்பமும் கம்பியும் புது எலிவேஷனோடு சேர்ந்து எப்படி இருக்கும் என்று அவர் கட்டாயம் கேட்பார், அப்போது அந்த லேயர்களைத் திறந்து காட்டுங்கள்.